"05/01 வரை விடுமுறை": டர்பன் சரக்கு அலுவலகத் தானியங்கிப் பதில் ஒன்றின் ஆய்வு

தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் நடுவிலேயே அலுவலகங்கள் காலியாகத் தொடங்கிவிடும். 16ஆம் தேதி பொது விடுமுறை, 25, 26 இரண்டும் விடுமுறை, பிறகு ஜனவரி 1. நடுவில் உள்ள நாட்களைச் சேர்த்து விடுப்பு எடுத்தால் மூன்று வாரம் கிடைத்துவிடும். இந்தியாவில் அப்படி இல்லை. தூத்துக்குடியிலோ சென்னையிலோ இருப்பவருக்கு டிசம்பர் முழு வேலை மாதம். அவர் கை ஓயும் காலம் பொங்கல். இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தானியங்கிப் பதிலைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். எந்த ஒரு நிறுவனத்தையும் குறிக்காமல், சரக்கு அலுவலகங்களில் வழக்கமாக நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது.

டர்பனில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். மசாலாவும் பருப்பும் இறக்குமதி செய்யும் கடைக்காரர்களுக்குத் துறைமுக வேலையை முடித்துத் தருவது அதன் தொழில். அங்கே இறக்குமதி ஆவணங்களைப் பார்ப்பவருக்கு 2025 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, கடைசி வேலை நாள். திரும்பி வருவது ஜனவரி 5, திங்கள். வெள்ளி மாலை கிளம்பும் அவசரத்தில் அவர் எழுதி வைத்தது இது:

"வணக்கம். தங்கள் மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி. நான் 05/01 வரை விடுமுறையில் இருக்கிறேன். இக்காலத்தில் மின்னஞ்சல்களைக் குறைந்த அளவே பார்க்க இயலும். அவசரமெனில் என் சக ஊழியரை அணுகவும். விரைவில் பதிலளிக்க முயல்கிறேன். சிரமத்திற்கு வருந்துகிறேன்."

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உதவும் ஒரு வார்த்தை கூட இதில் இல்லை.

நடந்தது என்ன

டிசம்பர் 15, திங்கள். தூத்துக்குடி ஏற்றுமதியாளரின் ஆவண எழுத்தர் இந்திய நேரம் காலை 10.20க்கு டிராஃப்ட் பில் ஆஃப் லேடிங்கை, அதாவது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பி.எல். என்ற ஆவணத்தின் வரைவை, அனுப்புகிறார். டர்பனில் அப்போது 6.50. கப்பல் நிறுவனம் பி.எல்.லை இறுதியாக்கும் முன் பெறுநர் பெயர், முகவரி, பெட்டி எண் எல்லாம் சரியா என்று ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்வது வழக்கம். வெள்ளி மாலை 4 மணி கெடு. அதற்குள் திருத்தம் வராவிட்டால் டிராஃப்டில் உள்ளதையே சரி என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த டிராஃப்டில் பெறுநரின் பழைய நிறுவனப் பெயர் இருந்தது. அந்த ஆண்டின் நடுவில் பெயரை மாற்றிப் பதிந்திருந்தார்கள். டர்பன்காரர் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்திருப்பார்.

தானியங்கிப் பதில் சில விநாடிகளில் வந்துவிட்டது. எழுத்தரின் கண் "குறைந்த அளவே பார்க்க இயலும்" என்ற இடத்தில் நின்றது. கொஞ்சமாவது பார்ப்பார், இரவுக்குள் பார்த்துவிடுவார் என்று விட்டுவிட்டார். புதன்கிழமை நினைவூட்டல் அனுப்பினார். இந்த முறை தானியங்கிப் பதில் வரவில்லை. விடுப்பு முடிந்து வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் அவர் தவறு எதுவும் இல்லை.

வியாழன் தொலைபேசியில் அழைத்தார். வரவேற்பில் இருந்தவர் "ஹி வில் கம் பேக் டு யூ ஜஸ்ட் நவ்" என்றார். டர்பன் ஆங்கிலத்தில் "ஜஸ்ட் நவ்" என்றால் பிறகு ஒரு நேரம், எப்போது என்று கேட்கக் கூடாத ஒரு நேரம். தூத்துக்குடி காதுக்கு அது "இதோ இப்போதே". எழுத்தர் மாலை வரை தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

வெள்ளி 4 மணி தாண்டியது. பழைய பெயரிலேயே பி.எல். வெளியானது, கப்பலும் புறப்பட்டது. அசல் பி.எல். படிகள் மூன்றும் வங்கி வழியே டர்பனுக்குக் கிளம்பிவிட்டன. ஜனவரி 5 காலை டர்பன்காரர் அஞ்சல்பெட்டியைத் திறந்தபோது ஏறக்குறைய நானூறு கடிதங்கள் காத்திருந்தன. தூத்துக்குடிக் கடிதத்துக்கு அவர் வந்து சேர்ந்தது 7ஆம் தேதி. வெளியான பி.எல்.லைத் திருத்த வேண்டுமானால் அசல் படிகள் மூன்றையும் கப்பல் நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், திருத்தக் கட்டணமும் உண்டு. படிகளை வங்கியிலிருந்து மீட்டு அனுப்புவதற்குள் பொங்கல் வந்தது. பெட்டி துறைமுகத்தில் இறங்கி, இலவச நாட்கள் தீர்ந்து, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கியது.

சறுக்கிய இடங்கள்

முதலில் தேதி. தென்னாப்பிரிக்கக் கணினிகளில் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் வழக்கமாக இருக்கும்: 2026/01/05. இந்தியாவில் நாள் முன்னால். அமெரிக்க அமைப்பில் வேலை செய்யும் கப்பல் நிறுவன எழுத்தருக்கு 05/01 என்பது மே முதல் தேதி. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் ஆண்டையும் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் முழுதும் போய்விடும். கிழமைக்கு இன்னொரு பயன் உண்டு: தேதியைத் தவறாக அடித்திருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

அதைவிட நுட்பமானது "வரை" என்ற சொல். 5 வரை விடுமுறை என்றால் 5ஆம் தேதி இருக்கிறாரா, இல்லையா? தமிழில் "வரை" அந்த நாளையும் சேர்த்துச் சொல்வதாகத்தான் பலர் கொள்வார்கள். அப்படியானால் 6ஆம் தேதிதான் வருகிறார். எழுதியவர் நினைத்தது 5 காலை. விடுப்பு முடியும் நாளைச் சொல்லாமல் வேலைக்குத் திரும்பும் நாளைச் சொல்வதே நல்லது: "5 ஜனவரி திங்கள் காலை பணிக்குத் திரும்புகிறேன்." வரை என்று எழுதியே ஆக வேண்டிய இடத்தில் "இரு நாட்களும் சேர்த்து" என்று போட்டுவிடலாம். "வரும் திங்கள்", "அடுத்த வாரம்" போன்றவை கூடவே கூடாது. கடிதத்தை எழுதிய நாள் ஒன்று, அது போய்ச் சேரும் நாள் வேறு. 12ஆம் தேதி எழுதிய "அடுத்த வாரம்" 23ஆம் தேதி வந்த ஒருவருக்கும் அப்படியே போகும்.

அடுத்தது "குறைந்த அளவே பார்க்க இயலும்". இதை எழுதுபவர் மறுப்பாக எழுதுகிறார், படிப்பவர் சம்மதமாகப் படிக்கிறார். "முயல்கிறேன்", "இயன்றவரை", "விரைவில்" எல்லாம் இதே குடும்பம். பார்க்கப் போவதில்லை என்றால் பார்க்கப் போவதில்லை என்று எழுத வேண்டும். "பார்க்க மாட்டேன்" முகத்தில் அடித்தது போல இருக்கிறது என்று தயங்குபவர்கள் "இந்த நாட்களில் இந்த அஞ்சல்பெட்டி பார்க்கப்படாது" என்று எழுதலாம். செய்தி அதேதான், முறைப்பு இல்லை. உண்மையிலேயே இடையில் பார்ப்பவராக இருந்தால் எப்போது என்று சொல்லிவிடுங்கள்: "செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும் பார்ப்பேன்." அப்படிச் சொன்னால் பார்த்தாக வேண்டும்.

"என் சக ஊழியர்" என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஏழு பேர் இருக்கும் அலுவலகத்தில் யார் அவர்? தூத்துக்குடியில் இருப்பவர் கண்டுபிடிக்க வழியில்லை. இந்த அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதுதான் வருத்தம். அவர் 23ஆம் தேதி வரை மேசையில்தான் இருந்தார். அவரிடம் யாரும் எதையும் அனுப்பவில்லை. 24ஆம் தேதி அவரும் கிளம்பினார். அவர் வைத்துவிட்டுப் போன தானியங்கிப் பதில் முதலாமவரைத் தொடர்புகொள்ளச் சொன்னது.

இரண்டாம் கடிதத்துக்குப் பதில் வராததன் காரணம்

இந்த நிகழ்வில் பலருக்கும் தெரியாத பகுதி இதுதான். அந்த அலுவலகம் அவுட்லுக்கும் அதற்குப் பின்னால் எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சல் சேவையகமும் பயன்படுத்துகிறது. எக்ஸ்சேஞ்சில் தானியங்கிப் பதில் ஒரு முகவரிக்கு ஒரு முறைதான் போகும். அதை அணைத்து மறுபடி இயக்கினால்தான் யார் யாருக்குப் போனது என்ற பட்டியல் அழிந்து புதிதாகத் தொடங்கும். ஜிமெயிலில் கணக்கு வேறு: அதே ஆள் நான்கு நாளுக்குப் பிறகு மறுபடி எழுதினால் மறுபடி போகும், இடையில் வாசகத்தைத் திருத்தினாலும் போகும். இரண்டு தானியங்கிகள் ஒன்றுக்கொன்று பதில் போட்டுக்கொண்டே போகக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி எண்ணி அனுப்புகிறார்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் வெளியில் இருப்பவருக்கு இரண்டாம் முறை விழும் மௌனம் "ஆள் வந்துவிட்டார்" என்று கேட்கிறது.

எழுதுபவருக்கு இதில் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. நாளுக்கு நாள் நிலைமை மாறும் விடுப்பானால், முதல் கடிதத்திலேயே எல்லாக் கட்டங்களையும் சொல்லிவிட வேண்டும். 15 முதல் 23 வரை யார், 24 முதல் என்ன, 5க்குப் பிறகு எப்போது பதில் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவரவர் கையில் சேரும் ஒரே தாள் அதுதான்.

இன்னொரு இடம், அவுட்லுக்கில் வெளியாட்களுக்கான பகுதி, `Outside My Organization`. அங்கே `My Contacts only` என்று தேர்ந்திருந்தால் தொடர்புப் பட்டியலில் இல்லாதவருக்கு ஒன்றும் போகாது. கப்பல் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் உங்கள் பட்டியலில் இருக்க வாய்ப்பில்லை. சரக்குத் தொழிலில் `Anyone outside my organization` தான் பொருத்தம்.

தலைப்பையும் கவனிக்கலாம். அவுட்லுக் வந்த கடிதத்தின் தலைப்புக்கு முன்னால் `Automatic reply:` என்று ஒட்டி அனுப்பும். அங்கே தேதியை எழுத இடமில்லை. கைபேசியில் பார்ப்பவருக்குத் தலைப்பும் முதல் வரியும்தான் தெரியும். அந்த முதல் வரியை "வணக்கம். தங்கள் மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி" எடுத்துக்கொண்டால், கடிதத்தைத் திறக்காதவருக்குத் தேதி கண்ணில் படாது. நன்றி கடைசியில் வரட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பும் நாளும் பதில் வரும் நாளும்

5ஆம் தேதி திரும்புகிறேன் என்று படித்தவர் 5ஆம் தேதி பதிலை எதிர்பார்ப்பார். அது நடக்காது என்பது வேலை செய்பவருக்கு நன்றாகத் தெரியும், எழுதத்தான் மறந்துவிடுகிறார். இந்த அலுவலகத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விடுப்பில் வார நாட்களைக் கணக்கிட்டு, விடுமுறைகளைக் கழித்தால் 11 நாள். நாளுக்கு சுமார் 35 கடிதம்; மொத்தம் 385. அதில் பாதிக்கு மேல் நகலுக்கு வந்தவை, கப்பல் கால அட்டவணை, விளம்பரம். பதில் வேண்டுபவை 150 என்று வைப்போம். ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 600 நிமிடம், பத்து மணி நேரம். அன்றாட வேலைக்கு இடையில் இதற்கு நாளுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் மூன்று நாளுக்குச் சற்று மேல். ஆக, நேர்மையான வாக்கு 8ஆம் தேதி வியாழன் மாலை. விடுப்புக்கு முன் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகும். பலர் இதைப் போடாமல் "வந்ததும் பதிலளிப்பேன்" என்று எழுதி, வந்த அன்றே வாக்குத் தவறுகிறார்கள்.

வாக்கோடு ஒரு வழியையும் கொடுக்க வேண்டும். 8ஆம் தேதிக்குள் வராவிட்டால் அனுப்பியவர் என்ன செய்வது? "9ஆம் தேதி காலையிலும் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள்" என்று ஒரு வரி போதும். நானூறில் ஒன்று தவறுவது சகஜம். அனுப்பியவருக்கும் நச்சரிக்கிறோமோ என்ற கூச்சம் இராது.

திருத்திய வாசகம்

மேலே சொன்னவற்றைக் கொண்டு எழுதினால் வெளியாட்களுக்கான பதில் இப்படி வரும். கப்பல் நிறுவனத்தார் படிப்பதற்கு இதே விவரம் ஆங்கிலத்தில் மேலே, தமிழ் கீழே. இரண்டிலும் தேதிகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்னொருவர் படித்துப் பார்ப்பது நல்லது. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

"நான் விடுப்பில் இருக்கிறேன். 5 ஜனவரி 2026, திங்கள் காலை 8 மணிக்குப் (இந்திய நேரம் 11.30) பணிக்குத் திரும்புகிறேன். அதுவரை இந்த அஞ்சல்பெட்டி பார்க்கப்படாது. உங்கள் கடிதம் தானாக வேறு யாருக்கும் போகாது.

டிராஃப்ட் பி.எல்., சுங்க ஆவணங்கள், கப்பல் வரவு பற்றி: இறக்குமதிப் பிரிவு, [பிரிவின் பொது முகவரி]. 15 முதல் 23 டிசம்பர், இரு நாட்களும் சேர்த்து. 16 செவ்வாய் பொது விடுமுறை. எங்கள் நேரம் மதியம் 12க்கு (இந்திய நேரம் 3.30) முன் வருவதற்கு அன்றே பதில், பின்னர் வருவதற்கு அடுத்த வேலை நாளில்.

24 டிசம்பர் முதல் 4 ஜனவரி, இரு நாட்களும் சேர்த்து, அலுவலகம் மூடியிருக்கும். டிராஃப்ட் பி.எல். இந்த நாட்களில் சரிபார்க்கப்படாது. டர்பன் துறைமுகத்தில் ஏற்கெனவே இறங்கிய சரக்கில் சிக்கல் என்றால் மட்டும் [தொலைபேசி எண்].

என்னிடமே பதில் வேண்டுபவர்களுக்கு 8 ஜனவரி, வியாழன் மாலைக்குள் எழுதுவேன். 9ஆம் தேதி காலையிலும் வரவில்லையென்றால் அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள்.

இந்த நாட்களில் வங்கிக் கணக்கு மாற்றம் எதையும் மின்னஞ்சல் மூலம் ஏற்க மாட்டோம். நன்றி."

"தானாக வேறு யாருக்கும் போகாது" என்ற வரி சிலருக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். மாற்று ஆளின் பெயரைப் பார்த்ததும் தன் கடிதம் அவருக்கும் போயிருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வரிதான் அவர்களை மறுபடி அனுப்ப வைக்கும்.

மாற்று ஆளுக்குப் பெயர் போடாமல் பிரிவின் பொது முகவரியைப் போட்டதற்கும் காரணம் உண்டு. ஒருவர் பெயரைப் போட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று வழி அடைபடும். பொது முகவரியை இரண்டு பேர் பார்க்கலாம். ஆனால் யார் பார்ப்பது என்று நாள்வாரியாக எழுதி வைக்காவிட்டால், இருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். அவர்களால் என்ன முடிவு எடுக்க முடியும் என்பதும் முன்பே தீர வேண்டும். பெறுநர் பெயரைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லையென்றால், அந்த முகவரி வெறும் தபால் பெட்டிதான்.

வங்கிக் கணக்கு வரியைக் கடைசியில் போட்டாலும் விட்டுவிடக் கூடாது. ஆவணப் பொறுப்பாளர் மூன்று வாரம் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லும் கடிதம், மோசடிக்காரனுக்கும் போகும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இங்கே அனுப்புங்கள்" என்று சப்ளையர் பெயரில் வரும் போலிக் கடிதங்களுக்குப் பொறுப்பாளர் இல்லாத வாரம்தான் வசதி. அதனால்தான் மதுரையில் கல்யாணம், ராமேஸ்வரம் போகிறேன் என்ற விவரங்களும் வெளியாட்களுக்கான வாசகத்தில் வேண்டாம். உள் அலுவலகத்தாருக்கான `Inside My Organization` பகுதியில் வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்பதையும் அங்கேயே.

கிளம்பும் முன் சோதனை

வெள்ளி மதியமே செய்துவிட வேண்டியவை சில. சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, வருவதைக் கைபேசியில் பாருங்கள். முதல் வரியில் தேதி தெரிகிறதா, தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று. பதில் உடனே வர வேண்டும் என்பதற்காக அட்டவணையைப் போடாமல் இயக்கிச் சோதித்தால், பிறகு அணைத்து, தேதி போட்டு மறுபடி இயக்க மறக்க வேண்டாம். அடுத்து அதே ஜிமெயிலிலிருந்து பொது முகவரிக்கு ஒன்று. அது யார் கண்ணில் பட்டது, எத்தனை நேரத்தில் என்று கேளுங்கள். கடைசியாக, கொடுத்த தொலைபேசி எண்ணை ஒரு முறை அழையுங்கள். மாற்று ஆட்களின் தானியங்கிப் பதில் எங்கே கைகாட்டுகிறது என்பதையும் படித்துவிடுங்கள். அது உங்களையே காட்டினால் வட்டம் முழுமை.

இவ்வளவும் செய்தாலும் தானியங்கிப் பதிலால் முடியாதது ஒன்று உண்டு. அது எழுதியவருக்குத்தான் பதில் சொல்லும். எழுதப் போகிறவருக்குச் சொல்லாது. கடலில் அல்லது ஏற்றத்துக்குத் தயாராக உள்ள சரக்குகளின் பட்டியலை எடுத்து, அவற்றின் ஏற்றுமதியாளர்களுக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே, டிசம்பர் 5 வாக்கில், ஒரு தனிக் கடிதம் போட்டால் போதும். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். "டிராஃப்ட் பி.எல்.லை 23 டிசம்பர் மதியம் 12க்கு முன் பிரிவு முகவரிக்கு அனுப்புங்கள்." தூத்துக்குடி எழுத்தருக்கு அது போயிருந்தால், அவர் 15ஆம் தேதியே சரியான முகவரிக்கு எழுதியிருப்பார். அவரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருப்பார்: தமிழ்நாட்டில் ஜனவரி 15 முதல் 17 வரை, இரு நாட்களும் சேர்த்து, பொங்கல் விடுமுறை, 19 திங்கள் காலை 10 மணிக்கு, டர்பன் நேரம் 6.30க்கு, அலுவலகம் திறக்கும்.